ஷோரீலுக்கு முன்னால் ஒரு பக்கம்

சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ இருக்கும் ஓர் இயக்குநரின் அலுவலகத்துக்கு உதவி இயக்குநர் வேலை கேட்டு வரும் விண்ணப்பத்தை முதலில் திறப்பவர் பெரும்பாலும் இயக்குநராக இருக்கமாட்டார். கோ-டைரக்டர் திறப்பார், அல்லது படத்துக்குப் படம் கூடவே வரும் மூத்த உதவியாளர் திறப்பார். கதை டிஸ்கஷனுக்கு நடுவில் டீ வந்த நேரத்திலோ, லொகேஷன் பார்க்கப் போகும் காரிலோ, செல்போனில்தான் திறப்பார். இதே போல ஏற்கெனவே பத்து விண்ணப்பங்களைப் பார்த்து முடித்திருப்பார். ஷோரீலை ஓடவிடுவதா, இணைத்த திரைக்கதையைப் பிரிப்பதா, அடுத்ததற்குப் போவதா என்பதை மேலே இருக்கும் கடிதத்தைப் படித்துத்தான் முடிவு செய்வார்.

நானும் சில வருடங்கள் உதவி இயக்குநராக இருந்தவன். அலுவலகத்துக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பதும் அப்போது என் வேலைகளில் ஒன்று. ரீலுக்காக ராத்திரி பகலாக எடிட்டிங்கில் உட்கார்ந்திருப்பார்கள், திரைக்கதையைப் பலமுறை திருத்தியிருப்பார்கள், கடிதத்தை மட்டும் ஐந்து நிமிடத்தில் தட்டிவிட்டிருப்பார்கள். திறமையுள்ள பிள்ளைகள் பலர் அந்த ஐந்து நிமிடத்தில்தான் கோட்டைவிட்டார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலை எது என்று பார்க்கலாம். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு உதவி இயக்குநர் என்றால் பாதி இயக்குநர். உள்ளே அப்படி இல்லை. கோ-டைரக்டர், அசோசியேட், அவர்களுக்குக் கீழே மூன்று நான்கு உதவியாளர்கள் என்று ஓர் அடுக்கு உண்டு. புதிதாகச் சேர்பவரிடம் கிளாப் போர்டு, கண்டினியூட்டி, வசன பேப்பர், நடிகர்களின் உடை விவரம் போன்றவை வந்து சேரும். ஒரு காட்சியின் முதல் பாதியை மூன்றாம் நாள் எடுப்பார்கள், மறுபாதியைப் பத்தொன்பதாம் நாள் எடுப்பார்கள். கதாநாயகியின் கைக்கடிகாரம் எந்தக் கையில் இருந்தது, டம்ளரில் தண்ணீர் எந்த அளவு இருந்தது, சட்டைக்கை எத்தனை மடிப்பு என்று அந்தப் பதினாறு நாளைத் தாண்டி ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் புதிய உதவியாளர்தான்.

ஆனால் ரீல் காட்டுவது வேறொன்று. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்த கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் ‘பீட்சா’ எடுத்தார். அதே நிகழ்ச்சியில் இருந்து வந்த நலன் குமாரசாமி 2013-ல் ‘சூது கவ்வும்’ எடுத்தார். அதற்குப் பிறகு சினிமா ஆசையுள்ள எல்லோரிடமும் ஒரு குறும்படமாவது இருக்கிறது. அதில் இருந்து நல்ல ஷாட்டுகளை எடுத்து, இசை போட்டு, மூன்று நிமிடத்துக்குக் கோத்தால் ரீல் தயார். அதைப் பார்ப்பவருக்கு ஒளிப்பதிவு தெரிகிறது, எடிட்டிங் தெரிகிறது, நடிப்பு தெரிகிறது. விண்ணப்பித்தவர் என்ன செய்தார் என்பது தெரிவதில்லை. உதவி இயக்குநரின் வேலை ஒழுங்காக நடந்திருந்தால் அது திரையில் தெரியவே கூடாது. தவறு நடந்தால் மட்டுமே கண்ணில் படும். அப்படிக் கண்ணில் படாத வேலையைக் காட்டுவதற்கு விண்ணப்பத்தில் இருக்கும் ஒரே இடம் கடிதம்தான்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பேசினால் எளிதாகப் புரியும். திண்டுக்கல் பக்கத்தில் இருந்து ஓர் இளைஞர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விஷுவல் கம்யூனிகேஷன் படித்தவர். ஒரு குறும்படம் இயக்கியிருக்கிறார், நண்பரின் குறும்படம் ஒன்றில் உதவி இயக்குநராக இருந்திருக்கிறார். ரீல் 2 நிமிடம் 40 விநாடி. மாதிரித் திரைக்கதை ஆறு பக்கம். அவருடைய முதல் கடிதம் இப்படித் தொடங்கும்:

“வணக்கம் சார். சிறு வயதில் இருந்தே சினிமாதான் என் உயிர், என் மூச்சு. உங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். உங்களிடம் ஒரு முறை வாய்ப்புக் கிடைத்தால் என் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு இருப்பேன். எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். என் ஷோரீலையும் திரைக்கதையையும் இணைத்துள்ளேன். பார்த்து ஆதரவு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எழுதியவரின் ஏக்கம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கோ-டைரக்டருக்குத் தெரிய வேண்டியது எதுவும் இதில் இல்லை. இவர் எங்கே இருக்கிறார், எப்போது வர முடியும், தமிழ் தட்டச்சு தெரியுமா, ரீலில் எந்தப் பகுதி இவருடையது, அந்தப் பகுதியில் இவர் செய்தது என்ன, ஆறு பக்கத் திரைக்கதையில் எதைப் படித்தால் போதும் என்று ஒன்றும் தெரியவில்லை. “எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்” என்பது பணிவாகத்தான் தோன்றும். ஆனால் வேலை கொடுப்பவருக்கு அது, இவருக்கு எந்த வேலை தெரியும் என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

அந்த இளைஞரோடு உட்கார்ந்து பேசினால் விஷயம் வெளியே வரும். நண்பரின் குறும்படத்தைக் காய்கறிச் சந்தையில் எடுத்தார்கள். இரண்டாம் நாள் மாலை மழை கொட்டியது, காட்சி பாதியில் நின்றது. மீதியை எடுக்கச் சந்தைக்குத் திரும்பியபோது நான்கு நாள் ஆகியிருந்தது. வாழைத்தார் குவியல் இருந்த இடத்தில் பூசணி இருந்தது, தராசு வேறு பக்கம் நகர்ந்திருந்தது. ஆனால் மழையில் எல்லோரும் ஒதுங்க ஓடியபோது இவர் மட்டும் செல்போனில் கடையை நான்கு பக்கமும் படம் எடுத்துவைத்திருந்தார். தார்களை எண்ணியிருந்தார். நடிகரின் இடது கை மடிப்பு முழங்கைக்கு மேலே இருந்ததைக் குறித்திருந்தார். அந்தப் படங்களை வைத்துக் கடைக்காரரிடம் கெஞ்சி, ஒரு மணி நேரத்தில் கடையைப் பழையபடி அடுக்கினார்கள். ரீலில் 1:12-வது இடத்தில் ஒரு கட் வருகிறது. அதற்கு முந்தைய ஷாட் மழைக்கு முன் எடுத்தது, பிந்தைய ஷாட் நான்கு நாள் கழித்து எடுத்தது. பார்ப்பவர் யாருக்கும் தெரியாது.

எனக்கு அந்த 2 நிமிடம் 40 விநாடியில் மிகப் பெரிய விஷயம் இந்தக் கட்தான். இதை எழுதாமல் “சினிமாதான் என் மூச்சு” என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ரீலைப் பற்றிக் கடிதத்தில் சொல்லவேண்டியது இரண்டே விஷயம். எந்த நிமிடத்தில் இருந்து எந்த நிமிடம் வரை எந்தப் படம், அதில் உங்கள் பொறுப்பு என்ன என்பது முதலாவது. இதை ரீலுக்குள்ளேயே ஓரத்தில் சிறிய எழுத்தில் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் ரீலைத் திறக்கும் முன்பே தெரிந்தால் பார்ப்பவர் சரியான இடத்துக்கு நேராகப் போவார். நண்பர் இயக்கிய படத்தின் ஷாட்டை இப்படிக் குறிப்பிடாமல் விட்டால், பிறகு எங்காவது அந்தப் படத்தைப் பார்க்க நேரும்போது மற்றவர் உழைப்பைத் தன்னுடையதாகக் காட்டினார் என்ற பெயர் வந்துவிடும். கோடம்பாக்கம் சின்ன ஊர், அந்தப் பெயர் லேசில் போகாது. இரண்டாவது விஷயம், மேலே சொன்ன கட் மாதிரி கண்ணில் படாத ஒரு வேலை. ஒன்று போதும். இரண்டு மூன்று என்று அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது.

மாதிரித் திரைக்கதைக்கு வருவோம். நூறு பக்க பவுண்ட் ஸ்கிரிப்டை இணைப்பவர்கள் உண்டு. படிக்கமாட்டார்கள் என்பது மட்டும் அல்ல, அனுப்பவும் கூடாது. உங்கள் முதல் படத்துக்காகப் பல வருடம் மனதில் வளர்த்த கதையை வேலை விண்ணப்பத்தோடு அனுப்புவது யாருக்கும் நல்லதில்லை. பின்னால் அந்த இயக்குநரின் படத்தில் ஒரு காட்சி அதே சாயலில் வந்தால் உங்களுக்கும் மன உளைச்சல், அவருக்கும் சங்கடம். 2018-ல் ‘சர்கார்’ வெளியாகும் முன் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன், 2007-ல் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் தான் பதிவு செய்த ‘செங்கோல்’ கதையோடு அந்தப் படம் ஒத்துப்போவதாகப் புகார் கொடுத்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் சமரசம் ஆகி, படத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. அவர் பக்கம் இருந்த பலம் அந்தப் பழைய பதிவுதான். கதைக்கரு மட்டும் இருந்தால் அதற்குக் காப்புரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் பெரிய கதையைச் சங்கத்தில் பதிவு செய்து வீட்டில் வையுங்கள். விண்ணப்பத்துக்கு ஒரு குறும்படத்தின் திரைக்கதையோ, தனியாக நிற்கக்கூடிய இரண்டு மூன்று காட்சிகளோ போதும்.

ஆறு பக்கத்தில் அந்த வேலையைப் பார்ப்பவருக்குக் கதை சொல்லும் திறமை ஓரளவு தெரியும். அதைவிட ஆவலோடு அவர் தேடுவது, எழுதியதைப் படப்பிடிப்பாகக் கணக்குப் போட இவருக்குத் தெரியுமா என்பதை. “பேருந்து நிலையம். இரவு. மழை. கூட்டம்.” என்று நாலு சொல்லில் எழுதிவிடலாம். அந்த நாலு சொல்லுக்குத் தண்ணீர் லாரி வேண்டும், வாடகைப் பேருந்து வேண்டும், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகள் வேண்டும், அவர்களுக்கு நனைவதற்கு மாற்றுடை வேண்டும், பேருந்து நிலையத்துக்கு அனுமதி வேண்டும், இரவு முழுக்க ஜெனரேட்டர் ஓடவேண்டும். மாதிரித் திரைக்கதையில் ஒரு காட்சிக்காவது இந்த விவரங்களை ஒரு தனிப் பக்கமாகப் பிரித்து எழுதி இணைத்தால், அந்தப் பக்கத்தைக் கோ-டைரக்டர் கட்டாயம் படிப்பார். ஏனென்றால் அது அவருடைய அன்றாடம். நம் திண்டுக்கல் இளைஞரின் திரைக்கதையில் மூன்றாம் காட்சி இப்படிப்பட்ட பேருந்து நிலையக் காட்சிதான். முதல் பிரதியில் அது மழை இரவு. விவரம் பிரித்தபோது, கதைக்கு மழை தேவையே இல்லை, கடைசிப் பேருந்து போய்விட்ட வெறுமைதான் தேவை என்று தெரிந்தது. விடியற்காலை நான்கு மணி, ஆள் இல்லாத பிளாட்பாரம் என்று மாற்றினார். செலவும் குறைந்தது, காட்சியும் கனமானது. இந்த மாற்றத்தைக் கடிதத்தில் இரண்டு வரியில் சொன்னால் மாதிரித் திரைக்கதையைப் படிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இவ்வளவையும் சேர்த்து, அவர் திருத்தி எழுதக்கூடிய கடிதம் இது:

“மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் அடுத்த படத்தில் உதவி இயக்குநராகப் பணிபுரிய விண்ணப்பிக்கிறேன். விஷுவல் கம்யூனிகேஷன் பட்டதாரி. ஒரு குறும்படம் இயக்கியிருக்கிறேன், ஒன்றில் உதவி இயக்குநராக இருந்திருக்கிறேன். இப்போது விருகம்பாக்கத்தில் தங்கியிருக்கிறேன். அழைத்தால் உடனே வர முடியும், படம் வெளியாகும் வரை வேறு வேலை ஏற்கமாட்டேன்.

ஷோரீல் 2 நிமிடம் 40 விநாடி. தொடக்கத்தில் இருந்து 1:05 வரை நான் இயக்கிய படம். 1:05 முதல் முடிவு வரை நான் உதவி இயக்குநராக இருந்த படம். அதில் கண்டினியூட்டி, உடை, வசன பேப்பர் என் பொறுப்பு. 1:12-ல் வரும் கட்டுக்கு முன் உள்ள ஷாட்டும் பின் உள்ள ஷாட்டும் நான்கு நாள் இடைவெளியில் எடுத்தவை. மழையால் படப்பிடிப்பு நின்றபோது நான் எடுத்துவைத்த படங்களையும் குறிப்புகளையும் வைத்துச் சந்தைக் கடையை மறுபடி அமைத்தோம்.

மாதிரித் திரைக்கதை ஆறு பக்கம், குறும்படத்துக்காக எழுதியது. நேரம் குறைவாக இருந்தால் மூன்றாம் காட்சியை மட்டும் பார்க்க வேண்டுகிறேன். மழை இரவாக எழுதியதைப் படப்பிடிப்புத் தேவைகளைப் பிரித்துப் பார்த்த பிறகு விடியற்காலையாக மாற்றினேன். அந்தப் பட்டியல் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

யூனிகோடில் தமிழ் வேகமாகத் தட்டச்சு செய்வேன். எடிட்டிங் மென்பொருள் அடிப்படை தெரியும். இருசக்கர வாகனம், உரிமம் இரண்டும் உண்டு.

நேரில் வந்து சந்திக்க வாய்ப்பளித்தால் மகிழ்வேன். நன்றி.”

இதில் இயக்குநரைப் புகழ்ந்து ஒரு வரியும் இல்லை. அது மரியாதைக் குறைவு என்று சிலர் நினைக்கலாம். அவர் படத்தைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு காட்சியில் அது எப்படி எடுக்கப்பட்டிருக்கும் என்று நீங்கள் யோசித்ததை எழுதுங்கள். “உங்கள் எல்லாப் படங்களும் பிடிக்கும்” என்பதை விட அது ஆயிரம் மடங்கு மேல். யோசித்தது ஒன்றும் இல்லை என்றால் விட்டுவிடலாம், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். தட்டச்சு, வண்டி, தங்கியிருக்கும் ஏரியா போன்றவை அற்பமாகத் தோன்றலாம். ராத்திரி பதினொரு மணிக்கு மாறிய வசனத்தைக் காலை ஆறு மணிக்குள் தட்டச்சு செய்து பிரதி எடுத்து லொகேஷனுக்குக் கொண்டுவர வேண்டிய வேலையில் இவை எதுவும் அற்பம் இல்லை. “படம் வெளியாகும் வரை” என்ற சொல்லுக்கு நிறைய மதிப்பு உண்டு. பாதியில் போய்விடும் உதவியாளரோடு கண்டினியூட்டி நினைவும் போய்விடும். ஆனால் அதைக் காப்பாற்ற முடியும் என்றால் மட்டுமே எழுதுங்கள். ஒரு படம் ஒரு வருடமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அதுவரை சம்பளமோ பேட்டாவோ சீராக வரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

அனுப்பும் விதத்தில் நடக்கும் கோளாறுகள்தான் மிக அதிகம், மிகப் பரிதாபம். யூடியூபில் ரீலை ஏற்றி `Private` என்று வைத்துவிட்டு இணைப்பை அனுப்புவார்கள். நீங்கள் தனியாக அழைத்த கணக்குகளைத் தவிர யாருக்கும் அது திறக்காது. வைக்க வேண்டியது `Unlisted`. இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம், தேடினால் கிடைக்காது. கூகுள் டிரைவில் ஏற்றினால் பகிர்வு அமைப்பு `Restricted` என்றே இருக்கும். அதை `Anyone with the link` என்று மாற்றவில்லை என்றால், திறப்பவர் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கேட்கமாட்டார், அடுத்ததற்குப் போய்விடுவார். பிரபலமான பாட்டைப் பின்னணியில் போட்டு யூடியூபில் ஏற்றினால், உரிமையாளரின் கோரிக்கையால் வீடியோ முடக்கப்படவும் வாய்ப்பு உண்டு. காட்சியின் சொந்த ஒலியே போதும். உதவி இயக்குநர் ரீலுக்கு அதுதான் அழகும்கூட.

திரைக்கதையை வேர்டு கோப்பாக அனுப்பினால் வரும் ஆபத்து தமிழுக்கே உரியது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ‘அம்மா’ என்ற சொல் `mk;kh` என்று நிற்கும். ஆறு பக்கமும் இப்படி இருந்தால் யார் படிப்பார்? யூனிகோடில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கோப்பின் பெயரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று இல்லாமல் உங்கள் பெயரும் ‘திரைக்கதை’ என்ற சொல்லும் இருக்கட்டும். அலுவலகத்தில் ஐம்பது கோப்புகளுக்கு நடுவே அதைத் தேடப்போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல கடிதம் வேலை வாங்கித் தந்துவிடாது. தமிழ் சினிமாவில் இன்றும் பெரும்பாலானவர்கள் தெரிந்தவர் மூலம்தான் உள்ளே வருகிறார்கள். நேரில் பார்த்து, ஒரு வாரம் டிஸ்கஷனில் உட்காரவைத்து, அதன் பிறகே சேர்த்துக்கொள்வார்கள். தெரிந்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்கு அந்த முதல் சந்திப்பை வாங்கித் தரும் வழி இந்த ஒரு பக்கம். உதவி இயக்குநராகச் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இந்த வேலைக்கு உள்ளே வரக் கட்டணம் கிடையாது.

கடிதத்தை எழுதி முடித்ததும் உங்கள் கணக்கில் நுழையாத வேறொருவரின் போனுக்கு அனுப்புங்கள். உங்கள் முன்னால் அதைத் திறக்கச் சொல்லுங்கள். ரீல் ஓடுகிறதா, தமிழ் எழுத்து தெரிகிறதா, மூன்றாம் காட்சி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு அனுப்புங்கள்.